பார்சலுக்குள் பில்லும் ஸ்லிப்பும், வெளியே லேபிள்: புகாரைக் கேட்டுத் தவறைக் கண்டுபிடிப்பது

நாங்கள் கரூரிலிருந்து துண்டும் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் அனுப்புகிறோம். நாளொன்றுக்கு இருபது முப்பது பார்சல் போகும். துணி சரியில்லை என்று வரும் புகாரைவிட, கூடப் போன காகிதத்தால் வரும் புகார்தான் எங்களுக்கு அதிகம். ஆரம்பத்தில் ஒவ்வொரு புகாருக்கும் மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தோம். அதே புகார் திரும்பத் திரும்ப வந்தபோதுதான் உட்கார்ந்து ஆராய்ந்தோம்.

ஒரு பார்சலோடு மூன்று காகிதம் போகிறது. பில் என்பது வாங்கியவருக்கும் இரண்டு பக்கத்துக் கணக்குக்கும். பேக்கிங் ஸ்லிப் என்பது இங்கே பெட்டி கட்டுகிறவருக்கும் அங்கே பெட்டி பிரிக்கிறவருக்கும். அதில் விலை வேண்டாம், என்ன பொருள், எத்தனை என்பது மட்டும் போதும். லேபிள் என்பது வழியில் பார்சலைக் கையில் எடுக்கிற ஊழியர்களுக்கும் ஸ்கேனருக்கும். ஒரு காகிதத்தின் வேலையை இன்னொன்றின் தலையில் கட்டினாலோ, மூன்றையும் சேர்க்கிற ஆர்டர் எண் ஏதாவது ஒன்றில் விட்டுப்போனாலோ, கீழே உள்ள புகார்களில் ஒன்று வந்து நிற்கும்.

"எனக்கு வேற யாரோட பில்லோ வந்திருக்கு"

இந்தப் புகார் வந்தால் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்தத் தவறான பில்லில் என்ன எண் இருக்கிறது? அது அவருக்குப் போக வேண்டிய பில்லுக்கு முந்தைய எண்ணாகவோ அடுத்த எண்ணாகவோ இருந்தால், தவறு அவரோடு நிற்காது. அன்று போன பல பார்சல்களில் பில் வரிசையாக இடம் மாறியிருக்கும்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அன்று 26 ஆர்டர். பில்கள் பில் மென்பொருளிலிருந்து எண் வரிசையில் அச்சாகி வந்தன. லேபிள்களைக் கூரியரின் தளத்திலிருந்து தனியாக எடுத்தோம். இதற்கிடையே 9-ஆவது ஆர்டரை வாடிக்கையாளர் ரத்து செய்துவிட்டார். அவருக்கு லேபிள் போடவில்லை, ஆனால் பில் முன்பே அச்சாகிவிட்டது. ஆக, லேபிள் 25, பில் 26. முதல் எட்டுப் பார்சலும் சரியாகவே போயின. 10-ஆவது பார்சலைக் கட்டும்போது அடுக்கின் மேலே இருந்தது 9-ஆவது பில். அது உள்ளே போனது. 11-ஆவது பார்சலுக்குள் 10-ஆவது பில். இப்படியே கடைசி வரை போய், 26-ஆவது பில் மேசையில் மிச்சம். பெட்டி கட்டுகிற தங்கை அதை எடுத்துக் காட்டி, "அக்கா, இது ரெண்டு தடவை பிரிண்ட் ஆயிடுச்சு போல" என்றாள். நானும் சரி என்று கிழித்துப் போட்டேன். மூன்றாம் நாள் போன் வந்தபோதுதான் அந்த மிச்சக் காகிதம் ஞாபகத்துக்கு வந்தது. மொத்தம் 17 பேருக்குத் தவறான பில் போயிருந்தது.

பொருள் யாருக்கும் மாறவில்லை. காரணம், பொருளை எடுத்து வைத்தது பேக்கிங் ஸ்லிப்பைப் பார்த்து. பில் மட்டும் கடைசியில் அடுக்கிலிருந்து எடுத்து வைக்கப்பட்டது.

இப்படி நேர்ந்தால் அவசரத்தில் புதுப் பில் போட்டுவிடாதீர்கள். நாங்கள் கிட்டத்தட்ட அந்தத் தவறைச் செய்யப் பார்த்தோம். விற்ற பொருளும் வரியும் மாறவில்லை, தாள்தான் இடம் மாறியிருக்கிறது. அதே எண்ணுள்ள பில்லை மறுபடி அச்சிட்டு அல்லது பிடிஎஃப்பாக அவரவருக்கு அனுப்பினால் போதும். புது எண்ணில் பில் போட்டால் ஒரே விற்பனை ஜிஎஸ்டிஆர்-1-இல் இரண்டு முறை ஏறிவிடும். ரத்தான 9-ஆவது ஆர்டரின் பில் மட்டும் வேறு கதை. அதற்குப் பொருள் போகவே இல்லை, ஆகவே அந்தப் பில்லைக் கணக்கில் ரத்து செய்ய வேண்டும். அந்த எண்ணை எடுத்து வேறொருவருக்குக் கொடுக்கக் கூடாது. ரிட்டர்னில் அந்த மாதம் எத்தனை பில் போட்டீர்கள், எத்தனை ரத்தானது என்று கேட்கிற அட்டவணையில் அது ரத்தானதாகப் போகும்.

இன்னொன்றும் உண்டு. ஒருவருடைய பில் இன்னொருவர் கைக்குப் போயிற்று என்றால் அவருடைய முகவரியும் போன் எண்ணும் சேர்ந்து போயிருக்கிறது. அதை அவரிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும். பில் வெளியே போன 17 பேரையும் நாங்கள் அழைத்துச் சொன்னோம். 9-ஆவது ஆர்டரை ரத்து செய்தவரையும் சேர்த்துத்தான், ஏனென்றால் அவருடைய பில்லும் வெளியே போய்விட்டது.

திரும்ப நடக்காமல் இருக்க இப்போது செய்வது இதுதான். ஸ்லிப், பில், லேபிள் மூன்றையும் ஆர்டர் எண் வரிசையில் அடுக்கி, பெட்டி கட்டத் தொடங்கும் முன் ஒவ்வோர் அடுக்கையும் எண்ணுகிறோம். மூன்று எண்ணிக்கையும் ஒன்றாக இல்லையென்றால் வேலையைத் தொடங்குவதில்லை. கூரியர் தளத்தில் லேபிள் போடும்போது குறிப்பு எண்ணுக்கு ஒரு கட்டம் இருக்கும். பலர் அதைக் காலியாக விடுகிறார்கள். அதில் ஆர்டர் எண்ணைப் போட்டால் லேபிளிலும் அச்சாகும். மூடும் நேரத்தில் ஒருவர் உள்ளே இருக்கும் பில்லில் உள்ள ஆர்டர் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைச் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் லேபிளைப் பார்த்துச் சரி என்கிறார். தனியாக வேலை செய்கிறவர்களும் வாய்விட்டு வாசியுங்கள். கண்ணால் மட்டும் பார்த்தால் மதியத்துக்கு மேல் எல்லா எண்ணும் ஒன்றுபோலத் தெரியும்.

தவறான பில்லின் எண் பக்கத்து எண்ணாக இல்லாமல் எங்கோ தள்ளி இருந்தால், மேசையில் இரண்டு பார்சல் ஒன்றுக்கொன்று மாறியிருக்கிறது. அப்போது அந்த எண்ணுக்கு உரியவரை உடனே அழைத்து, பில்லை மட்டுமல்ல, பொருளையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

"நாலு கேட்டேன், மூணுதான் இருக்கு"

இதில் மூன்று வகை உண்டு. உண்மையாகவே குறைவாக வைத்துவிட்டோம், அல்லது ஸ்லிப்பில் எழுதியதை அவர் வேறு மாதிரி புரிந்துகொண்டார், அல்லது மிச்சம் இன்னொரு பெட்டியில் வந்துகொண்டிருக்கிறது.

குறைவாக வைத்தோமா என்பதை எடை சொல்லிவிடும். எங்கள் குளியல் துண்டு 75 செ.மீ. அகலம், 150 செ.மீ. நீளம், 450 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 450 கிராம். பரப்பு 1.125 சதுர மீட்டர், ஆக ஒரு துண்டு சுமார் 506 கிராம். நான்கு துண்டு 2,025 கிராம். அட்டைப்பெட்டி, டேப், காகிதம் எல்லாம் சேர்த்து சுமார் 2,200. மூன்று துண்டு வைத்திருந்தால் 1,700 வந்திருக்கும். பெட்டியை மூடியதும் எடை போட்டு எங்கள் கையில் தங்கும் ஸ்லிப் பிரதியில் எழுதிவைத்தால், ஆறு நாள் கழித்துப் போன் வரும்போது பதில் தயாராக இருக்கும். கூரியரின் பில்லில் உள்ள எடையை இதற்கு நம்பாதீர்கள். அது நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வந்த எடையாக இருக்கலாம். உள்ளே எத்தனை துண்டு என்று அது சொல்லாது. கைக்குட்டை, தலையணை உறை போன்ற லேசான பொருளுக்கும் இந்த வழி அவ்வளவு உதவாது. அட்டைப்பெட்டிகளுக்குள்ளேயே அந்த அளவு எடை வித்தியாசம் இருக்கும்.

எடை சரியாக இருக்கிறது, அவர் குறைகிறது என்கிறார் என்றால் ஸ்லிப்பை எடுத்து அவர் கண்ணால் வாசித்துப் பாருங்கள். எங்கள் ஸ்லிப்பில் ஒரு காலத்தில் "கைத்துண்டு 2 பேக்" என்று இருந்தது. நாங்கள் நினைத்தது இரண்டு துண்டு அடங்கிய ஒரு பேக். அவர் நினைத்தது இரண்டு பேக், அதாவது நான்கு துண்டு. இப்போது "கைத்துண்டு: 1 செட், செட்டுக்கு 2 துண்டு, மொத்தம் 2" என்று மூன்றையும் எழுதுகிறோம். வரி நீண்டுவிட்டது, அந்தப் புகார் நின்றுவிட்டது.

இரண்டு பெட்டியாகப் போகும் ஆர்டரில் பலர் முழு ஆர்டரின் ஸ்லிப்பை முதல் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். முதல் பெட்டியைப் பிரித்தவர் பட்டியலைப் பார்த்துப் பாதி காணோம் என்று பதறுவார். அந்தந்தப் பெட்டியில் என்ன இருக்கிறதோ அதற்கு மட்டும் ஸ்லிப் வையுங்கள். ஸ்லிப்பிலும் வெளி லேபிளிலும் "பெட்டி 1 / 2", "பெட்டி 2 / 2" என்று பெரிதாகப் போடுங்கள். பில் ஒன்றுதான், அது முதல் பெட்டியில். இரண்டாம் பெட்டியின் ஸ்லிப்பில் "பில் முதல் பெட்டியில் உள்ளது" என்று ஒரு வரி.

"பெட்டிக்குள்ள பில்லே இல்லை"

பெரும்பாலும் இருக்கும். பெட்டியின் அடி மடிப்புக்குள் நழுவியிருக்கும், இல்லையென்றால் கசக்கி அடைத்த காகிதத்தோடு குப்பைக்குப் போயிருக்கும். பில்லை மூன்றாக மடித்து ஒரு தெளிவான ஜிப் கவரில் போட்டு, ஸ்லிப் மேலே தெரியும்படி, எல்லாப் பொருளுக்கும் மேலே வையுங்கள். பெட்டியைத் திறந்ததும் கைக்கு முதலில் வர வேண்டியது அதுதான்.

"பில் இருக்கிறது, எழுத்தே தெரியவில்லை" என்று கடைக்காரர்களிடமிருந்து வந்தால், லேபிள் அடிக்கும் தெர்மல் பிரிண்டரிலேயே பில்லையும் அடித்திருப்பீர்கள். அந்தத் தாளில் மை கிடையாது, சூட்டில் கறுப்பது. வெயிலிலும் வெப்பத்திலும் நாள்பட நாள்பட வெளுக்கும். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் கணக்குக் காகிதங்களை வருடாந்திர ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். தெர்மல் தாள் அத்தனை காலம் தாங்கும் என்று நம்ப முடியாது. பில்லைச் சாதாரணத் தாளில் லேசர் பிரிண்டரில் அடியுங்கள்.

"பரிசா அனுப்பச் சொன்னேன், விலையோட பில் போயிருக்கு"

பில் வாங்கியவருக்கு உரியது, பெறுகிறவருக்கு அல்ல. இந்த மாதிரி ஆர்டரில் பில்லை வாங்கியவருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, பெட்டிக்குள் விலையில்லாத ஸ்லிப்பை மட்டும் வையுங்கள். ஆர்டரில் வாங்கியவர் முகவரியும் பெறுகிறவர் முகவரியும் வேறாக இருந்தால் அச்சிடும் முன்பே அந்த ஸ்லிப்பின் ஓரத்தில் ஒரு குறி வரும்படி நாங்கள் வைத்திருக்கிறோம். பெட்டி கட்டும் நேரத்தில் யாரும் முகவரியை ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை.

"வெளியே பில் இல்லாமல் எடுக்க மாட்டோம்" என்கிறார் கூரியர்காரர்

அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. சரக்கு பில்லை மூன்று பிரதியாகப் போடச் சொல்கிறது விதி: முதல் பிரதி வாங்குபவருக்கு, இரண்டாவது சரக்கு கொண்டுபோகிறவருக்கு, மூன்றாவது நமக்கு. டேப் போட்டு மூடிய பெட்டிக்குள் இருக்கிற பிரதி வழியில் சோதிப்பவருக்குப் பயன்படாது. ஆகவே இரண்டாவது பிரதியை மடித்து, எழுத்து உள்பக்கம் போகும்படி, வெளியே ஒட்டும் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். தொகை வெளியே தெரியக் கூடாது. லேபிளுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள், மேலே ஒட்டிவிடாதீர்கள்.

ஓட்டல், விடுதி போன்ற பெரிய ஆர்டரில் இன்னொரு காகிதம் சேரும். சரக்கின் மதிப்பு வரியோடு சேர்த்து 50,000 ரூபாயைத் தாண்டி வேறு மாநிலத்துக்குப் போனால் இ-வே பில் வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே போனால் அந்த வரம்பு 1 லட்சம்.

லேபிள் ஸ்கேன் ஆகவில்லை

பார்சல் ஒரு கிடங்கில் இரண்டு மூன்று நாள் அசையாமல் நின்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். அனுப்பிய பார்சல் கையில் இல்லையே என்று கவலை வேண்டாம். அதே அடுக்கில் அன்று அடித்த இன்னொரு லேபிள் இருக்கும், அல்லது ஒன்று அடித்துப் பாருங்கள்.

முதலில் ஒரு ஸ்கேலை எடுத்து லேபிளை அளங்கள். கூரியர் லேபிள் பெரும்பாலும் 4 அங்குலத்துக்கு 6 அங்குலம், அதாவது சுமார் 100 க்கு 150 மி.மீ. அச்சின் ஓரக்கோடு 100-க்குப் பதில் 90 இருந்தால், பிரிண்ட் திரையில் `Fit to page` தேர்வாகியிருக்கிறது. அதை `Actual size` அல்லது `100%` என்று மாற்றுங்கள். நம் மாதிரி இடங்களில் இருக்கும் 203 டிபிஐ பிரிண்டர் ஒரு மில்லிமீட்டருக்கு எட்டுப் புள்ளிதான் வைக்கும். பார்கோடின் மெல்லிய கோடு இரண்டு மூன்று புள்ளி அகலம்தான். படத்தைச் சுருக்கினால் ஒரு கோடு இரண்டு புள்ளியாகவும் அடுத்தது மூன்றாகவும் வந்துவிடும். நம் கண்ணுக்கு அழகாகவே தெரியும், ஸ்கேனருக்குப் புரியாது.

அளவு சரியாக இருந்தால் லேபிளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தாள் வெளியே வருகிற திசையில், மேலிருந்து கீழ் வரை, முடி அளவு ஒரு வெள்ளைக்கோடு எல்லா எழுத்தையும் வெட்டிக்கொண்டு போகிறதா? பிரிண்டர் தலையில் அந்த இடத்தில் பசையோ தூசியோ ஒட்டியிருக்கிறது. பார்கோடின் கோடுகளும் அதே திசையில் நின்றால் ஒரு கோடு முழுதாகக் காணாமல் போகும். பிரிண்டரை அணைத்து, சூடு ஆறவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் தலையைத் துடையுங்கள். துடைத்தும் கோடு அதே இடத்தில் வந்தால் அந்தப் புள்ளி எரிந்துவிட்டது, தலையை மாற்ற வேண்டும். அதுவரை லேபிளைக் குறுக்காகத் திருப்பி அடிக்க முடிந்தால் சமாளிக்கலாம். அப்போது வெள்ளைக்கோடு எல்லாக் கோடுகளையும் கொஞ்சமாக வெட்டும், எதையும் முழுதாக அழிக்காது.

அச்சும் நன்றாக இருந்தால் தவறு ஒட்டிய இடத்தில். லேபிள் பெட்டியின் மிகப் பெரிய தட்டையான பக்கத்தில், மூடும் இணைப்பைத் தொடாமல், மூலையில் மடியாமல் இருக்க வேண்டும். மழைக்காலம் வந்தால் நாங்களே லேபிள் முழுவதும் டேப் சுற்றிக்கொண்டிருந்தோம். பளபளப்பான டேப் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், தெர்மல் அச்சை நாளடைவில் வெளுக்கவும் செய்யும். இப்போது லேபிளைத் தெளிவான பிளாஸ்டிக் உறைக்குள் போடுகிறோம். இன்க்ஜெட்டில் அடிப்பவர்களுக்கு இது கட்டாயம், ஒரு தூறலில் எண் கரைந்துவிடும்.

பழைய பெட்டியை மறுபடி பயன்படுத்தினால் அதில் உள்ள எல்லாப் பழைய லேபிளையும் உரித்துவிடுங்கள். அடிப்பக்கத்தையும் பாருங்கள். பழைய பார்கோடு ஒன்று இருந்தாலும் இயந்திரம் அதைப் படித்துவிடலாம். உரிக்க வராவிட்டால் மார்க்கரால் கோடுகளின் குறுக்கே அல்ல, நீளவாட்டில் முழுதாகக் கறுப்படியுங்கள். குறுக்கே ஒரு கீறல் போட்டால் மேலேயும் கீழேயும் மிஞ்சிய பகுதியே படிக்கப் போதும்.

பார்சல் வேறு ஊருக்குப் போனது, அல்லது நம்மிடமே திரும்பி வந்தது

திரும்பி வந்தால் அனுப்புநர் முகவரியைப் பாருங்கள். எங்கள் பழைய லேபிளில் கடைப் பெயரும் எங்கள் பின்கோடும் பெரிய எழுத்தில், வாடிக்கையாளர் முகவரி சின்ன எழுத்தில். கையால் பிரிக்கிற இடத்தில் பெரிதாகத் தெரிந்த பின்கோடைப் பார்த்துக் கரூர் மூட்டையில் போட்டுவிட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. இப்போது பெறுநரின் பின்கோடுதான் லேபிளிலேயே பெரிய எழுத்து. அனுப்புநர் முகவரி ஒரு மூலையில், பாதி அளவில். ஆனால் இருக்க வேண்டும்; பெறுநர் கிடைக்காவிட்டால் பார்சல் திரும்ப அதுதான் வழி.

வேறு ஊருக்குப் போனால் பின்கோடில் இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். 641001 கோயம்புத்தூர், 614001 மன்னார்குடி. இரண்டும் தமிழ்நாடுதான், முதல் இலக்கமும் ஒன்றே, கண்ணில் படாது. முகவரியில் எழுதிய ஊரும் பின்கோடு காட்டும் ஊரும் ஒன்றா என்று லேபிள் போடும் முன் பார்த்தால் இது தப்பாது. வெளிமாநிலத்துக்கு என்றால் ஊர், மாநிலம், பின்கோடு மூன்றையும் ஆங்கிலத்திலும் அச்சிடுங்கள்.

முகவரி, போன் எண், ஆர்டர் எண், பெட்டி எண், எடை. நாமாக லேபிளில் போட வேண்டியது இவ்வளவே. உள்ளே என்ன பொருள், என்ன விலை என்பதை வெளியே எழுதாதீர்கள். வீட்டு வாசலில் பணம் வாங்கும் பார்சலில் மட்டும் தொகை தெரிய வேண்டும். அந்தத் தொகை பில்லின் கடைசி வரியோடு ரூபாய் பிசகாமல் பொருந்த வேண்டும். எங்கள் பார்சல் ஒன்றை ஒருவர் வாங்க மறுத்தார். லேபிளில் 60 ரூபாய் கூட இருந்தது, அனுப்பும் செலவைப் பில்லில் சேர்க்க விட்டுவிட்டோம். அந்த 60 ரூபாயும் பில்லில் தனி வரியாக வர வேண்டும்.